பேட்டரி போய்ப் பாதியில் நின்ற கேமரா வீடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா, அல்சூர் மண்டபத்துல முகூர்த்தம் எடுக்கும்போது பேட்டரி செத்துப்போச்சு. ஃபைல் கார்டுல இருக்கு, நாலரை ஜிபிக்கு மேல காட்டுது. ஆனா எந்த பிளேயர்லயும் ஓடலை. தாலி கட்டினது அதுலதான் இருக்கு. போயிடுச்சா?

பெரும்பாலும் போகவில்லை. நாலரை ஜிபி என்று காட்டுகிறதென்றால், கேமரா அவ்வளவையும் கார்டில் எழுதிவிட்டது என்றுதான் முதலில் நம்ப வேண்டும். காணாமல் போனது கடைசியில் எழுத வேண்டிய ஒரு சின்னப் பகுதி. அதைத் திரும்பக் கட்டிவிட முடியும்.

அதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். அந்தக் கார்டைக் கேமராவிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டை LOCK பக்கம் இழுத்து விடுங்கள். ரிசப்ஷன் எடுக்க வேறு கார்டு போட்டுக்கொள்ளுங்கள். இனி இந்தக் கார்டில் ஒரு போட்டோகூட விழக் கூடாது. நான் பெங்களூருவில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். இந்த மாதிரி வரும் ஃபைல்களில் காப்பாற்ற முடியாமல் போனவை பெரும்பாலும் பேட்டரியால் போனவை அல்ல, அதற்குப் பிறகு அதே கார்டில் எடுத்ததால் போனவை.

அப்படி என்னதான் விட்டுப்போச்சு? இவ்வளவு பெரிய ஃபைல் ஏன் ஓடமாட்டேங்குது?

எம்பி4 ஃபைல் பெட்டி பெட்டியாக அமைந்தது. ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் அதன் நீளம் நான்கு பைட்டிலும், பெயர் நான்கு எழுத்திலும் இருக்கும். `ftyp` என்ற குட்டிப் பெட்டி முதலில் வரும். படமும் ஒலியும் `mdat` என்ற பெரிய பெட்டியில் கலந்து கிடக்கும். எந்த ஃபிரேம் எந்த பைட்டில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எது கீ ஃபிரேம், ஒலித்துண்டுகள் எங்கெங்கே உள்ளன, இந்த அட்டவணையெல்லாம் `moov` பெட்டியில் இருக்கும்.

ரெக்கார்டிங் ஓடும்வரை இந்த அட்டவணை கேமராவின் நினைவகத்தில்தான் வளர்ந்துகொண்டிருக்கும். ஸ்டாப் பட்டனை அழுத்தும்போதுதான் கேமரா அதைக் கார்டில் எழுதி ஃபைலை மூடும். சில கேமராக்கள் ஃபைலின் தொடக்கத்திலேயே இடம் ஒதுக்கி வைக்கும், ஆனாலும் நிரப்புவது நிறுத்தும்போதுதான். மின்சாரம் போனால் நினைவகத்தில் இருந்தது போய்விடும், கார்டில் படம் மட்டும் தங்கும்.

அட்டவணையோடு இன்னொன்றும் போகிறது. அளவு 1920க்கு 1080, எந்த வகை எச்.264, எப்படி விரிக்க வேண்டும் என்று டிகோடருக்குச் சொல்லும் அமைப்பு விவரமும் பல கேமராக்களில் அதே `moov` பெட்டிக்குள்தான் இருக்கும். அதனால்தான் பிளேயருக்கு ஒரு ஃபிரேம்கூடக் காட்டத் தெரிவதில்லை. சரிசெய்வதற்கு இன்னொரு நல்ல ஃபைல் தேவைப்படுவதும் இதனால்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

பேட்டரி குறைஞ்சா கேமரா தானே நிறுத்தி சேவ் பண்ணணும்? முன்னாடி எல்லாம் பண்ணியிருக்கே.

நல்ல பேட்டரியில் மின்னழுத்தம் மெல்ல இறங்கும். கேமரா அதைப் பார்த்து, ஃபைலை மூடிவிட்டு அணையும். பழைய பேட்டரியிலும், மலிவு விலை மாற்று பேட்டரிகள் பலவற்றிலும் இந்த இறக்கம் படிப்படியாக வராது. திரையில் இரண்டு கோடு காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று சரியும். மூடி எழுத அந்த ஓரிரு நொடிகூடக் கேமராவுக்குக் கிடைக்காது. பேட்டரி மூடி திறந்துகொண்டாலும், அடாப்டர் ஒயரை யாராவது காலால் இழுத்துவிட்டாலும் இதே கதைதான்.

திரும்ப பேட்டரி போட்டு கேமராவை ஆன் பண்ணா அதுவே சரிபண்ணுமா?

சில பண்ணும். பாதியில் நின்ற ஃபைலைக் கண்டதும் "சரிசெய்யவா" என்று கேட்கும் கேமராக்கள் உண்டு. ஆக்‌ஷன் கேமராக்களிலும் டிரோன்களிலும் இது சாதாரணம். அதே கேமரா, அதே கார்டு, முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி, இந்த மூன்றும் வேண்டும். ஆனால் கேமரா சரிசெய்யும்போது கார்டில் எழுதும். ஆகையால் கார்டு முழுவதையும் முதலில் கம்ப்யூட்டரில் நகலெடுத்துவிட்டுப் பூட்டைத் திறந்து இதை முயலுங்கள். "கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உடனே அணைத்துவிடுங்கள்.

பேரை .MOV-னு மாத்தினேன், விஎல்சில போட்டேன், ஆன்லைன்ல கன்வெர்ட்டர்லயும் போட்டேன். ஒண்ணும் ஆகலை.

ஆகாது. பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. விஎல்சி அட்டவணை இல்லாத ஏவிஐ ஃபைலை ஓட்டிக்காட்டும், அதை நினைத்துத்தான் பலரும் எம்பி4-க்கும் அதை முயல்கிறார்கள். கன்வெர்ட்டர் எதுவாக இருந்தாலும் முதலில் ஃபைலைத் திறக்க வேண்டும், திறப்பதற்கே `moov` வேண்டும். ஒரிஜினலை மாற்றாதவரை இந்த முயற்சிகளால் கெடுதல் இல்லை, நேரம்தான் வீண்.

உள்ள படம் நிஜமா இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

முதலில் கணக்கு. உங்கள் கேமரா நொடிக்கு 30 மெகாபிட் வேகத்தில் எழுதுகிறது என்று வையுங்கள். எட்டால் வகுத்தால் நொடிக்கு 3.75 மெகாபைட், நிமிடத்துக்கு 225 மெகாபைட். 22 நிமிடம் ஓடியிருந்தால் ஏறத்தாழ 4950 மெகாபைட். விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் காட்டுவதால் அது திரையில் 4.6 ஜிபி என்று வரும். அல்சூர் ஃபைல் காட்டியதும் ஏறக்குறைய இதுதான். அளவு பொருந்தினால் நம்பிக்கை உண்டு.

அடுத்து ஃபைலை நகலெடுத்து, நகலை, FFmpeg என்ற இலவச மென்பொருளோடு வரும் `ffprobe` கொண்டு பாருங்கள். "moov atom not found" என்று வந்தால் நோய் இதுதான் என்று உறுதி. வேறு பிழை வந்தால் வேறு பிரச்சினை.

பிறகு ஃபைலின் தலையைத் திறந்து கண்ணால் பார்க்கலாம். மேக்கிலும் லினக்ஸிலும் `xxd` உண்டு, விண்டோஸில் HxD என்ற இலவச மென்பொருள் போதும்.

```
xxd -l 32 CLIP0214.MP4
00000000: 0000 0018 6674 7970 6d70 3432 0000 0000  ....ftypmp42....
00000010: 6d70 3432 6176 6331 0000 0000 6d64 6174  mp42avc1....mdat
```

முதல் வரியில் `0018` என்பது பதினாறடிமான எண், நமக்கு 24. அதாவது `ftyp` பெட்டியின் நீளம் 24 பைட். அது முடிந்ததும் `mdat` தொடங்குகிறது. அதன் பெயருக்கு முன்னால் நீளம் இருக்க வேண்டிய நான்கு பைட்டும் பூஜ்யமாக இருப்பதைக் கவனியுங்கள். ஸ்டாப் அழுத்தும்போது நீள விவரத்தை நிரப்பலாம் என்று கேமரா விட்டுவைத்த இடம் அது. எழுதுவதற்குள் மின்சாரம் போய்விட்டது.

கடைசியாக ஃபைலின் நடுவில் எங்காவது ஒரு துண்டைப் பாருங்கள்.

```
xxd -s 2000000000 -l 64 CLIP0214.MP4
```

கலவையான எண்கள் தெரிந்தால் அங்கே படம் இருக்கிறது. எல்லாம் `0000` என்றால் அந்த இடத்தில் எதுவும் எழுதப்படவில்லை. இரண்டு மூன்று இடங்களில் பார்த்து எங்கும் பூஜ்யமே என்றால், எந்த மென்பொருளுக்கும் அந்த ஃபைலில் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. காசு கட்டுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

சரிபண்ற மென்பொருள் எல்லாம் 'நல்ல ஃபைல் ஒண்ணு கொடு'ன்னு கேக்குது. எதுக்கு?

போன அமைப்பு விவரத்தை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டுமே, அதற்குத்தான். அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த ஃபைலில் அந்த விவரம் அப்படியே இருக்கும். மென்பொருள் அதைக் கடன் வாங்கிக்கொண்டு, கெட்ட ஃபைலின் `mdat` பெட்டிக்குள் முதலிலிருந்து நடந்து வரும். எம்பி4-இல் ஒவ்வொரு படத்துண்டுக்கு முன்னும் அதன் நீளம் எழுதப்பட்டிருக்கும். நீளத்தைப் படித்து, இது படம்தானா என்று பார்த்து, அவ்வளவு தூரம் தாண்டி, அடுத்ததைப் படிக்கும். படம் மாதிரி இல்லாவிட்டால் ஒலியா என்று பார்க்கும். பக்க எண் இல்லாத புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பொருளடக்கம் எழுதுவது போன்ற வேலை. நல்ல ஃபைல்தான் படத்துண்டு எப்படி இருக்கும், ஒலித்துண்டு எப்படி இருக்கும் என்று அதற்குக் காட்டிக்கொடுக்கிறது.

ஆகவே நான்கு விஷயம் ஒத்துப்போக வேண்டும்: கேமரா மாடல், படத்தின் அளவு, ஃபிரேம் வேகம், ஒலி செட்டிங். லென்ஸும் வெளிச்சமும் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. அன்று அதே கார்டில் எடுத்த பக்கத்துக் கிளிப் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் அதே கேமராவில் வேறு கார்டு போட்டு, அதே செட்டிங்கில் ஓரிரு நிமிடம் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததோ எடிட்டிங் மென்பொருளில் எக்ஸ்போர்ட் செய்ததோ உதவாது, கேமராவிலிருந்து நேரடியாக வந்த ஃபைல் வேண்டும்.

சரி, என்ன மென்பொருள்? எப்படி ஓட்டறது?

நான் பயன்படுத்துவது `untrunc`. ஃபெடரிகோ போன்கியோ எழுதிய இலவச மென்பொருள். அதையே வளர்த்தெடுத்த `anthwlock` பதிப்பு கிட்ஹப்பில் இருக்கிறது. வேகமானது, பெரிய ஃபைலைத் தாங்கும், விண்டோஸுக்கு ஆயத்த ஜிப்பும் உண்டு. அதைத்தான் எடுங்கள்.

இரண்டு ஃபைலையும் கம்ப்யூட்டரின் டிஸ்கில் `untrunc` இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள். கார்டிலிருந்து நேராக ஓட்ட வேண்டாம். இன்னொரு ஐந்து ஜிபி இடம் காலியாக இருக்கட்டும், ஏனென்றால் சரியான ஃபைலைத் தனியாக எழுதும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் முன்னாலுள்ள `./` வேண்டாம். நல்ல ஃபைல் முதலில், கெட்டது இரண்டாவது:

```
./untrunc CLIP0209.MP4 CLIP0214.MP4
```

சற்று நேரம் ஓடி, பெயரில் `_fixed` சேர்ந்த புது ஃபைலைக் கொடுக்கும். எத்தனை படத்துண்டு, எத்தனை ஒலித்துண்டு கண்டது என்றும் சொல்லும். அந்த எண்ணிக்கையை விடாமல் பாருங்கள். நொடிக்கு 25 ஃபிரேமில் 22 நிமிடத்துக்கு 33,000 ஃபிரேம் வர வேண்டும். அல்சூர் ஃபைலில் 32,875 வந்தது. 25-ஆல் வகுத்தால் 21 நிமிடம் 55 நொடி. குறைந்த சில நொடிகள் கேமராவின் தற்காலிக நினைவகத்தில் இருந்து கார்டுக்கு வராமலே போனவை. அவை எதனாலும் திரும்பாது. 'கடைசி அஞ்சு நொடி இல்லையே' என்று வீட்டாரிடம் திட்டு வாங்காமல் இருக்க இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஓட்டினேன் அண்ணா, படம் வந்துச்சு! ஆனா எல்லாரும் ஓடுற மாதிரி இருக்கு. படம் பாதியிலேயே முடிஞ்சு, மேளம் மட்டும் கேக்குது.

நீங்கள் கொடுத்த நல்ல ஃபைல் பக்கத்து எண், CLIP0213. அதை என்ன செட்டிங்கில் எடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெண் மண்டபத்துக்குள் நடந்து வருவதை ஸ்லோமோஷனுக்காக 50 ஃபிரேமில் எடுத்திருப்பீர்கள். 25-இல் எடுத்த முகூர்த்தத்துக்கு 50-இன் கணக்கு ஒட்டிக்கொண்டது. அதனால் படம் 10 நிமிடம் 57 நொடியில் முடிந்தது, ஒலி 21 நிமிடம் 55 நொடி ஓடுகிறது. சரியாகப் பாதி, எனவே காரணத்தில் சந்தேகமே இல்லை. இதற்காகக் கேமராவைத் தேடி ஓட வேண்டாம். காலையில் 25-இல் எடுத்த CLIP0209 அதே கார்டில் இருக்கிறது, அதைக் கொடுத்துத் திரும்ப ஓட்டுங்கள்.

வேகம் சரியாக இருந்து, படம் பச்சையும் சாம்பலுமாகக் கட்டம் கட்டமாக உடைந்தால், படத்தின் அளவோ கம்ப்ரெஷன் செட்டிங்கோ பொருந்தவில்லை. வேறு நல்ல ஃபைல் தேடுங்கள்.

எனக்கு பாதியில நின்னு, `-s` போட்டுப் பாருன்னு சொல்லுது.

நடந்து வரும்போது தனக்குத் தெரியாத ஒன்றில் மென்பொருள் முட்டிக்கொண்டது. `-s` கொடுத்தால் அந்தப் பகுதியைத் தாண்டி, அடுத்த தெரிந்த துண்டிலிருந்து தொடரும்.

```
./untrunc -s CLIP0209.MP4 CLIP0214.MP4
```

ஆனால் முதல் முறையே இதைப் போட வேண்டாம். தாண்டிய இடத்தில் படமும் ஒலியும் வெவ்வேறு அளவில் குறையும், அதற்குப் பின் உதடும் பேச்சும் பொருந்தாமல் போகும். வந்தபின் தொடக்கம், நடு, கடைசி மூன்று இடத்திலும் பாருங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து பின்னால் விலகியிருந்தால், விலகல் தொடங்கும் இடத்தில் வெட்டி ஒலியை எடிட்டிங்கில் நகர்த்த வேண்டும். கல்யாணத்தில் இதற்கு நல்ல அடையாளம் உண்டு. கெட்டிமேளம் சொன்னதும் தவில்காரர் கை இறங்கும் முதல் அடி படத்திலும் தெரியும், ஒலி அலையிலும் கூரான முனையாகத் தெரியும். அவை இரண்டையும் ஒன்றாக வைத்தால் பொருந்திவிடும்.

கம்ப்ரெஸ் செய்யாத பிசிஎம் ஒலியில் பதியும் கேமராக்களில் இந்தச் சிக்கல் அதிகம். அந்த ஒலிக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை, வெறும் எண்கள். எது ஒலி, எது குப்பை என்று மென்பொருளால் பிரித்தறிய முடியாது. கரகரவென்று சத்தம் வந்தால் ஒலியோடு மல்லுக்கட்ட வேண்டாம். படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாவது கேமராவின் ஒலியையோ மைக் செட்காரரின் பதிவையோ பொருத்துங்கள்.

எல்லாம் முடிந்ததாகத் தோன்றினால், ஃபைல் முழுவதும் உடையாமல் விரிகிறதா என்று இதை ஓட்டிப் பாருங்கள். `fixed.mp4` என்ற இடத்தில் உங்களுக்குக் கிடைத்த `_fixed` ஃபைலின் பெயரைப் போடுங்கள். பிழை இருந்தால் மட்டும் திரையில் வரி வரும்.

```
ffmpeg -v error -i fixed.mp4 -f null -
```

என் ஃபைல் 0 பைட் காட்டுது. அதையும் இப்படிப் பண்ணலாமா?

நேராக முடியாது. இங்கே போனது இரண்டு. ஃபைலுக்குள் இருக்க வேண்டிய `moov` போனது ஒன்று. இந்த ஃபைல் கார்டில் எங்கே, எவ்வளவு நீளம் என்று கார்டின் பட்டியலில் எழுதாமலே போனது இன்னொன்று. படம் கார்டில் இருக்கலாம், அதற்கு விலாசம்தான் இல்லை.

கார்டு முழுவதையும், பைட் மாறாமல் அப்படியே நகலெடுக்கும் `ddrescue` மென்பொருள் கொண்டு ஒரே இமேஜ் ஃபைலாக எடுங்கள். இனி அந்த இமேஜில்தான் வேலை. அதில் `ftyp` என்ற எழுத்துகளைத் தேடி, கடைசி நல்ல கிளிப்புக்கு அடுத்து வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு நான்கு பைட் முன்னாலிருந்து வெட்டி எடுக்க வேண்டும், ஏனென்றால் பெட்டியின் நீளம் பெயருக்கு முன்னால் இருக்கிறது. வெட்டிய துண்டை `untrunc`-க்குக் கொடுக்கலாம். அன்று காலை ஃபார்மேட் செய்து ஒன்றன்பின் ஒன்றாக எடுத்த கார்டு என்றால் இது பலன் தர நல்ல வாய்ப்பு உண்டு, படம் தொடர்ச்சியாகக் கிடக்கும். நடுநடுவே கிளிப்பை அழித்து இடம் பண்ணிய கார்டு என்றால் படம் சிதறிக் கிடக்கும், அப்போது இந்த வழி பாதியில் நின்றுவிடும்.

கார்டை லேப்டாப்ல போட்டதும் விண்டோஸ் 'ஸ்கேன் செய்து சரிசெய்யவா'ன்னு கேக்குது.

இமேஜ் எடுக்கும்வரை வேண்டாம் என்று சொல்லுங்கள். அது சரிசெய்வது உங்கள் வீடியோவை அல்ல, கார்டின் பட்டியலை. விலாசமில்லாத பகுதிகளை `FOUND.000` என்ற ஃபோல்டரில் `FILE0000.CHK` என்று துண்டுகளாகப் போட்டுவிடும், அல்லது காலி இடமாக அறிவித்துவிடும். ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள் என்றால் அந்த சிஎச்கே ஃபைல்களை அழிக்காதீர்கள். பெரியதாக இருப்பது உங்கள் வீடியோவாக இருக்கலாம். அதையும் `xxd`-இல் பார்த்து, தலையில் `ftyp` தெரிந்தால் மேலே சொன்ன வழியில் கொண்டுபோங்கள்.

ரெண்டு கார்டுலயும் ஒரே நேரத்துல ரெக்கார்ட் ஆகுற கேமரா வாங்கிட்டா இந்தப் பிரச்சினை வராதுல்ல?

வரும். இரண்டிலும் ஒரே நொடியில் மின்சாரம் போகிறது, எனவே இரண்டு ஃபைலும் மூடப்படாமல் நிற்கும். இரட்டைக் கார்டு காப்பது கார்டு கெட்டுப்போவதிலிருந்துதான். இதற்கு வழி, மாங்கல்யதாரணம் தொடங்கும் முன் ரெக்கார்டிங்கை நிறுத்தி, புதுப் பேட்டரி போட்டுத் திரும்பத் தொடங்குவது. அதுவரை எடுத்தது பத்திரமாக மூடப்பட்டிருக்கும். மண்டபத்தில் கரண்ட் பாயிண்ட் எட்டினால் டம்மி பேட்டரி போட்டு அடாப்டரில் ஓட்டுங்கள், ஒயரை டேப் போட்டுத் தரையோடு ஒட்டுங்கள்.

இதெல்லாம் எனக்கு வராது சார். எஸ்.பி. ரோடுல ரெக்கவரி கடையில கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் 'டெலீட் ஆன ஃபைலை எடுத்துக் கொடுங்கள்' என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அழிந்த ஃபைலைத் தேடும் மென்பொருளை ஓட்டி, அதே ஓடாத ஃபைலைத் திரும்பக் கொடுப்பார்கள். 'ஃபைல் இருக்கிறது, `moov` இல்லை, அதே கேமராவின் நல்ல கிளிப் இதோ' என்று சொல்லி இரண்டையும் பென் டிரைவில் கொடுங்கள். ஃபைலுக்கு அளவு காட்டுகிறதென்றால் கார்டையே கொடுக்கத் தேவையில்லை, அது உங்கள் வீட்டில் பூட்டோடு இருக்கட்டும். 0 பைட் என்றால் மட்டும் கார்டோ அதன் இமேஜோ கொடுக்க வேண்டிவரும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு துண்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காசுக்கு விற்கும் ரிப்பேர் மென்பொருள்களும் இதே போல் நல்ல ஃபைலை வைத்துத்தான் வேலை செய்கின்றன. பல இலவசப் பதிப்பிலேயே கொஞ்சம் படம் காட்டும். காட்டும்போது தொடக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்ட வேண்டாம். நடுவில் தள்ளி, யாராவது பேசும் இடத்தில் உதடு பொருந்துகிறதா என்று பாருங்கள், மொத்த நீளத்தையும் கேளுங்கள். உங்கள் கணக்கு 22 நிமிடம், அவர்கள் காட்டுவது 6 நிமிடம் என்றால் வேலை இன்னும் முடியவில்லை.